பெயரைச் சொல்லிவிட்டு மௌனமானால்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு நிகழ்வு. கூடத்தில், குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருவர் "அலெக்ஸா" என்கிறார், அல்லது "ஹே கூகுள்" என்கிறார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுக் கேட்கவில்லை, மணி கேட்கவில்லை. கூப்பிட்டார், நிறுத்திக்கொண்டார். இப்போது அந்த ஸ்பீக்கர் என்ன சொல்ல வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. அமேசானின் எக்கோ 2014-லும் கூகுள் ஹோம் 2016-லும் விற்பனைக்கு வந்தன. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால், விளக்கு எரியும், சில நொடி காத்திருக்கும், அணைந்துவிடும். பதில்களை மனிதர்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். கேள்வி இல்லாத இடத்துக்குப் பதிலும் எழுதப்படவில்லை. இன்று நிலைமை வேறு. பதிலை அந்த நொடியில் உருவாக்குவது மொழி மாதிரி. மாதிரியின் கையில் போய்ச் சேர்வது ஒலி அல்ல, எழுத்து. அந்த எழுத்தில் இருப்பது "அலெக்ஸா" என்ற ஒரே சொல். உதவியாக இரு, விரிவாகச் சொல், அன்பாகப் பேசு என்று பழக்கப்படுத்தப்பட்ட மாதிரி என்ன செய்யும்? வணக்கம் சொல்லும், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும், தன்னால் முடிந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கும். திரையில் படிக்கும்போது அது பண்பாகத் தெரியும். அடுப்படியில் நிற்பவர் காதில் அது தொல்லை. சில வேளைகளில் தீங்கும்கூட.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பதில் "சொல்லுங்க" என்ற ஒரு சொல். அந்த ஒரு சொல்லும் எப்போதும் வேண்டியதில்லை. ஏன் அப்படி என்பதற்கான காரணங்களைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

கூப்பிடும் அந்தப் பெயரைத் துறையில் இருப்பவர்கள் 'வேக் வேர்ட்' என்பார்கள். நான் அழைப்புச் சொல் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். ஸ்பீக்கர் அதை எப்படிப் பிடிக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஸ்பீக்கருக்குள் ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்பு எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத் தெரிந்தது ஒரே சொல். ஆப்பிள் நிறுவனம் 2017-ல் தன்னுடைய 'ஹே சிரி' எப்படி இயங்குகிறது என்று விளக்கிக் கட்டுரை வெளியிட்டது. வந்துகொண்டிருக்கும் ஒலியை நொடியில் நூறில் ஒரு பங்காக நறுக்கி, ஏறத்தாழ இருபது துண்டுகளை, அதாவது 0.2 நொடி ஒலியை, ஒரு வீச்சில் அந்த வலையமைப்புக்குக் கொடுக்கிறார்கள். வலையமைப்பு திருப்பித் தருவது ஆம், இல்லை என்ற பதில் அல்ல, ஒரு மதிப்பெண். மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால் சாதனம் விழித்துக்கொள்ளும். பிறகு அதைவிடப் பெரிய மாதிரி ஒன்று மறுபடி சரிபார்க்கும். அமேசானிலும் சாதனம் ஒரு முறை பார்க்கிறது. பிறகு அந்த ஒலித் துண்டு சர்வருக்குப் போய் அங்கே இன்னொரு முறை பார்க்கப்படுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த மதிப்பெண்தான். சாதனத்துக்கு "என்னைக் கூப்பிட்டார்கள்" என்று உறுதியாகத் தெரிவதில்லை. "கூப்பிட்டிருக்கலாம்" என்பதுதான் தெரியும். ஜெர்மனியின் போக்கும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வரும் 'எலெக்‌ஷன்', 'அன்அக்செப்டபிள்' போன்ற சொற்கள்கூட அலெக்ஸாவை எழுப்பிவிட்டன. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தவறான எழுப்பல்களை அவர்கள் தொகுத்தார்கள். ஆகவே, பெயருக்குப் பின்னால் மௌனம் வந்தால் முதலில் எழ வேண்டிய ஐயம், கூப்பிட்டதே உண்மையா என்பது. உண்மையாகக் கூப்பிட்டவர்கள் கூப்பிட்ட கையோடு எதையாவது கேட்டுவிடுவது வழக்கம். மௌனம் நீள நீள, யாரும் கூப்பிடவில்லை என்பதற்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது.

ஆனாலும் உண்மையாகவே கூப்பிட்டுவிட்டு மௌனமாக இருப்பவர்களும் உண்டு. கூப்பிட்டபின் கேட்க வந்ததை மறந்துபோனவர் இருக்கலாம். வாசலில் யாரோ மணி அடித்ததால் நிறுத்தியவர் இருக்கலாம். திக்கிப் பேசுபவர் முதல் எழுத்தோடு போராடிக்கொண்டிருக்கலாம். இவர்களை எல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுகிறவர்கள் இன்னொரு வகையினர். அவர்கள் மறக்கவும் இல்லை, தடுமாறவும் இல்லை. கூப்பிட்டால் எதிராளி ஏதாவது சொல்வார், அதற்குப் பிறகு நாம் பேசலாம் என்று காத்திருப்பவர்கள். வயதானவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். மனிதர்களைக் கூப்பிடும் முறையிலேயே ஸ்பீக்கரையும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் செய்வதில் பிழை ஏதும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வை நினைவுகூர வேண்டும். எமானுவேல் ஷெக்லோஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1968-ல் உரையாடல்கள் எப்படித் தொடங்குகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு காவல்துறை அலுவலகத்தின் தொலைபேசி உரையாடல் பதிவுகள், ஏறத்தாழ 500, அவர் கையில் இருந்தன. அவற்றைக் கேட்டு ஒரு விதியைக் கண்டார்: தொலைபேசியை எடுப்பவர்தான் முதலில் பேசுகிறார். அத்தனை பதிவுகளுக்கும் அது பொருந்தியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் காவல்துறையினர் வேறொரு அலுவலகத்தை அழைக்கிறார்கள். அங்கே யாரோ தொலைபேசியை எடுக்கிறார், பேசவில்லை. ஒரு நொடி மௌனம். உடனே கூப்பிட்ட காவலரே "ஹலோ" என்கிறார். அதன்பிறகுதான் எதிர்முனையில் இருப்பவர், இது செஞ்சிலுவைச் சங்கம் என்று பதில் சொல்கிறார்.

ஐந்நூற்றில் ஒன்றுதானே என்று ஷெக்லோஃப் அதை ஒதுக்கவில்லை. அந்த ஒன்றுக்கும் சேர்த்துப் பொருந்தும்படி தன் விதியையே மாற்றி எழுதினார். தொலைபேசி மணி என்பது ஓர் அழைப்பு. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அழைப்பு, தோளில் தட்டுவதும் அழைப்பு. அழைப்புக்கு எதிராளி ஒரு பதில் கடன்பட்டிருக்கிறார். பதில் வராவிட்டால் அழைத்தவர் மறுபடி அழைப்பார். காவலர் சொன்ன "ஹலோ" உரையாடலின் தொடக்கம் அல்ல, இரண்டாவது மணி. பதில் வந்துவிட்டால் அதன்பிறகு கடன் அழைத்தவர் பக்கம் போய்விடும். எதற்காகக் கூப்பிட்டோம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். பதில் வந்தபிறகு யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை.

ஸ்பீக்கருக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, பெயரை மட்டும் சொன்னவருக்குச் செலுத்த வேண்டிய கடன் மிகச் சிறியது. "கேட்கிறது, இனி உங்கள் முறை" என்று தெரிவித்தால் போதும். பேச்சின் முறையை அவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் பதிலின் முழு வேலை. அறிமுகம் சொல்வதும் பட்டியல் வாசிப்பதும் அவருடைய முறையைப் பிடுங்கிக்கொள்வதாகும். இரண்டாவது செய்தி இன்னும் பயனுள்ளது. சில நொடிக்குள் ஒருவர் இரண்டாம் முறை அதே பெயரைச் சொன்னால், முதல் பதில் அவரை எட்டவில்லை என்று பொருள். நீல விளக்கு எரிந்திருக்கலாம். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கலாம், பார்வை இல்லாதவராக இருக்கலாம். ஸ்பீக்கரின் கணக்கில் பதில் கொடுத்தாயிற்று. அவர் கணக்கில் இன்னும் வரவில்லை. ஆகவே இரண்டாவது அழைப்புக்கான பதில் கட்டாயம் காதில் விழும்படி இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது அழைப்பில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் இருக்கிறது. முதல் "அலெக்ஸா"வுக்கு ஸ்பீக்கர் ஏற்கெனவே விழித்துக்கொண்டு கட்டளைக்காகக் காதைத் திறந்து வைத்திருக்கிறது. அப்போது வரும் இரண்டாவது "அலெக்ஸா"வே கட்டளை என்று எழுதப்பட்டு மாதிரிக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. மாதிரியின் முன் பெயர் மட்டும் வந்து நிற்பதற்கு இது முக்கியமான ஒரு வழி. அதாவது, பெயரைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த எழுத்து வரும்போது, எதிரே இருப்பவர் பெரும்பாலும் பதிலுக்காகக் காத்து ஒருமுறை ஏமாந்தவர். அவரிடம் போய் எட்டு நொடிக்கு வரவேற்புரை படிப்பது எப்படி நியாயமாகும்?

எட்டு நொடி என்று சும்மா சொல்லவில்லை. "வணக்கம், நான் உங்கள் குரல் உதவியாளர். இன்று உங்களுக்கு எப்படி உதவட்டும்? பாட்டுப் போடலாம், வானிலை சொல்லலாம், நினைவூட்டல் வைக்கலாம்" என்று ஒரு பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 45 அசைகள். இயல்பான வேகத்தில், நொடிக்கு ஐந்தாறு அசையாக, இடையிடையே நிறுத்தம் விட்டு வாசித்தால் குறைந்தது 8 நொடி ஆகும். "சொல்லுங்க" என்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

அந்த எட்டு நொடியில் என்ன நடக்கிறது என்று ஒரு காட்சியாகவே பார்த்துவிடுவோம். தமிழில் பேசும் ஓர் உதவியாளர் இருக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டி அடுப்பைப் பார்த்தபடி நிற்கிறார். ஸ்பீக்கர் பின்னால் அலமாரியில் இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு மாத்திரையை நினைவூட்டச் சொல்ல வேண்டும். பெயரைக் கூப்பிடுகிறார். அரை நொடியில் விளக்கு எரிகிறது. அவர் பார்க்கவில்லை. காத்திருக்கிறார். இரண்டு நொடி போகிறது. "வணக்கம், நான் உங்கள்" என்று குரல் தொடங்குகிறது. ஆள் கிடைத்துவிட்டது என்று பாட்டி உடனே பேசத் தொடங்குகிறார்: "ராத்திரி ஏழு மணிக்கு மாத்திரைய ஞாபகப்படுத்து." மூன்று நொடியில் சொல்லி முடித்துவிட்டு வாணலியைக் கவனிக்கப் போய்விடுகிறார்.

ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இத்தகைய சாதனங்கள் பெரும்பாலும் தாம் பேசும்போது கட்டளைக்குக் காது கொடுப்பதில்லை. தம் குரலே மைக்கில் வந்து விழும், அதைக் கழித்துவிட்டு வெளிக்குரலைப் பிரிப்பது கடினம். அதனால் அந்த நேரத்தில் அழைப்புச் சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருக்கும். பாட்டி சொன்னது எதுவும் பதிவாகவில்லை. பத்தாவது நொடியில் பேச்சு முடிந்து காது திறக்கிறது. அறையில் மௌனம். கொஞ்ச நேரம் காத்திருந்து விளக்கு அணைகிறது. பாட்டி சொல்லியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் இருக்கிறார். ஏழு மணிக்கு எதுவும் ஒலிக்காது. அதே இடத்தில் "சொல்லுங்க" என்று ஒரு சொல் மட்டும் வந்திருந்தால், அவர் வாய் திறக்கும்போது காது திறந்திருக்கும்.

அப்படியானால் "சொல்லுங்க" என்பதை எப்போது சொல்வது? கூப்பிட்ட உடனே சொன்னால் இன்னொரு மோதல் வரும். "அலெக்ஸா" என்று சொல்லி ஒரு மூச்சு விட்டுவிட்டு "நாளைக்கு மழை வருமா" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்த மூச்சுக்குள் ஸ்பீக்கர் புகுந்து பேசினால் அவர் பேச்சு உடையும். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-ல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்ட முடிவின்படி, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மனிதர்கள் விடும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். உரையாடல் ஆய்வாளர் கெயில் ஜெஃபர்சன், பேச்சின் நடுவே ஒரு நொடி அளவுக்கு மௌனம் வந்தால் அதை உடைக்க யாராவது முயல்கிறார்கள் என்று காட்டினார். மனிதக் காது மௌனத்தை அவ்வளவு நுட்பமாக அளக்கிறது. காவலர் ஒரு நொடியில் "ஹலோ" சொன்னது இதனால்தான்.

எனவே பதிலை இரண்டு படியாகப் பிரிப்பது சரி என்று நினைக்கிறேன். விழித்த அந்தக் கணமே ஒரு மெல்லிய ஒலி. 'டிங்' என்று கால் நொடி. யார் பேச்சையும் அது உடைக்காது. அடுப்பைப் பார்த்து நிற்பவருக்கும் கண் தெரியாதவருக்கும் ஆள் இருக்கிறது என்று தெரிவித்துவிடும். எக்கோ சாதனங்களில் இப்படியொரு ஒலி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அமைப்புகளுக்குள் போய் நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். பிறகு இரண்டு நொடி மௌனமாக இருந்தால், அப்போது "சொல்லுங்க". அதுவும் அழைப்புச் சொல்லின் மதிப்பெண் உயர்வாக இருந்தால் மட்டும். மதிப்பெண் கோட்டை ஒட்டி நின்றால், தொலைக்காட்சி எழுப்பியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் மூடிக்கொள்ள வேண்டும். யாரும் கூப்பிடாத அறையில் ஒரு குரல் திடீரென்று பேசுவதைவிட வீட்டாரைக் கலவரப்படுத்துவது வேறில்லை. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் பல வீடுகளில் அலெக்ஸா தானாகச் சிரித்த செய்தி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சிரிக்கச் சொல்வதுபோல் ஏதோ ஒலி காதில் விழுந்து, அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது என்று அமேசான் விளக்கியது. மக்கள் பயந்துபோனார்கள். கட்டளைச் சொற்றொடரையே நீளமாக்கி, சிரிப்பதற்கு முன் வாயால் ஒரு பதில் சொல்லும்படி மாற்ற வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க" சொல்லியும் மௌனம் தொடர்ந்தால்? ஒன்றும் சொல்லக் கூடாது. அலெக்ஸாவுக்குச் செயலி எழுதுவோருக்கு அமேசான் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. செயலி ஒன்றைக் கேட்டுவிட்டு 8 நொடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் மறுபடி கேட்கலாம். இன்னும் 8 நொடி. அதன்பிறகு உரையாடல் மூடப்படும். நடுவழியில் ஒரு வேலை நிற்கும்போது, பயணச்சீட்டுப் பதிவு போல, அந்த மறுகேள்வி தேவை. வெறும் பெயருக்குப் பின்னால் தேவையில்லை. அங்கே நிற்கும் வேலை எதுவும் இல்லை.

இப்போது அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஏன் கேள்வியாகக் கேட்காமல் "சொல்லுங்க"? "பாட்டுப் போடட்டுமா?" என்று கேட்டால் என்ன? நேற்று இதே நேரத்தில் பாட்டுக் கேட்டார் என்று தெரியும், முந்திக்கொண்டு கேட்பது கெட்டிக்காரத்தனம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் பெரிய அச்சம் உண்டு. அச்சத்துக்குக் காரணமான நிகழ்ச்சி 2018 மே மாதம் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்தது. ஒரு தம்பதியர் வீட்டில் பேசிக்கொண்டிருந்ததை எக்கோ பதிவுசெய்து, தொடர்புப் பட்டியலில் இருந்த வேறொருவருக்கு அனுப்பிவிட்டது. அவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. அமேசான் கொடுத்த விளக்கம் இப்படிப் போகிறது. பேச்சின் நடுவே 'அலெக்ஸா' போல் ஒலித்த ஒரு சொல்லால் சாதனம் விழித்தது. அடுத்து வந்த பேச்சு 'செய்தி அனுப்பு' என்பதாகக் கேட்டது. "யாருக்கு?" என்று சாதனம் வாய்விட்டுக் கேட்டது. அறையில் ஓடிக்கொண்டிருந்த பேச்சிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கிக்கொண்டது. அந்தப் பெயரைச் சொல்லி "சரிதானே?" என்று கேட்டது. பேச்சில் வந்த ஏதோ ஒன்றை "சரி" என்று எடுத்துக்கொண்டது. செய்தி போய்விட்டது.

அடுத்தடுத்து இரண்டு முறை அந்தச் சாதனம் கேள்வி கேட்டிருக்கிறது. அறையில் இருந்தவர்கள் எதையும் கவனிக்கவில்லை. தன்னிடம் யாரும் பேசாதபோது கேட்கப்படும் கேள்வி, அறையில் உலவும் எந்தச் சொல்லையும் பதிலாக்கிவிடும். அதிலும் ஆம், இல்லை என்று முடியும் கேள்வி மிக ஆபத்தானது. நம் வீடுகளில் இருவர் பேசிக்கொண்டிருந்தால் நிமிடத்துக்குப் பல முறை "ஆமா", "சரி", "ம்" என்று வந்துகொண்டே இருக்கும். "போடட்டுமா?" என்ற கேள்விக்கு அவற்றில் ஒவ்வொன்றும் ஒப்புதல். "சொல்லுங்க" என்பதற்கு அவற்றில் எதுவும் பதில் ஆகாது. தெளிவான ஒரு வேண்டுகோள் வந்தால் தவிர அது எதையும் தொடங்கிவைக்காது. அந்த ஒற்றைச் சொல்லை நான் வலியுறுத்துவதற்குச் சுருக்கத்தைவிடப் பெரிய காரணம் இதுதான்.

வேறு சொற்களும் இருக்கின்றன. "என்ன?" என்பது வீட்டில் இளையவர்களிடம் சரி, பெரியவர் கூப்பிட்டால் அது எடுத்தெறிந்து பேசுவதாக ஒலிக்கும். "ம்?" என்பது இதமானது. ஆப்பிளின் ஹோம்பாட் ஆங்கிலத்தில் இப்படித்தான் முனகுகிறது. ஆனால் செயற்கைக் குரல் அதைச் சரியாக உச்சரிக்கக் கஷ்டப்படும், காது மந்தமானவருக்குக் கேட்காமலும் போகும். "சொல்லுங்க"விலும் குரலேற்றம் முக்கியம். கடைசி அசை சற்றே மேலேறி நிற்க வேண்டும். கீழே இறங்கினால் அதிகாரி ஆணையிடுவதுபோல் ஆகிவிடும். தமிழ்க் குரலை அமைப்பவர்கள் இந்த ஒரு சொல்லை மாதிரியின் கையில் விடாமல், நல்ல குரல் கலைஞர் ஒருவரைக் கொண்டு தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம். இரவில் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டவருக்குக் கிசுகிசுப்பாகவே வர வேண்டும். அலெக்ஸாவுக்கு 2018-லேயே அந்தத் திறன் வந்துவிட்டது. பக்கத்தில் குழந்தை தூங்குவது ஸ்பீக்கருக்குத் தெரியாது, கூப்பிட்டவர் குரலிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்ற பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மௌனத்துக்கு அது பதில் அல்ல. புரியாமல் போவதற்கு அங்கே எதுவும் சொல்லப்படவில்லை. அதைக் கேட்பவர் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைப்பார். ஆனால் பெயருக்குப் பின் பேச்சொலி வந்து, மிக்ஸி சத்தத்தில் அது எழுத்தாக மாறாமல் போயிருந்தால் நிலைமை வேறு. அப்போது "கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பதுதான் நேர்மையான பதில். இரண்டையும் பிரித்தறியச் சாதனத்தால் முடியும். ஒலியில் மனிதப் பேச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பகுதி ஒன்று அதற்குள் தனியாக இருக்கிறது. கோளாறு எங்கே என்றால், அந்தத் தகவல் பல நேரங்களில் மாதிரிக்கு அனுப்பப்படுவதில்லை. இரண்டு நிலையிலும் அதன் கைக்கு வருவது வெறும் பெயர்தான். "பேச்சு இருந்தது, எழுத முடியவில்லை", "பேச்சே இல்லை", "இது இரண்டாவது அழைப்பு" என்ற மூன்று குறிப்புகளில் பொருந்துவதைச் சேர்த்து அனுப்பினால் மாதிரி சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கும். அனுப்பாவிட்டால் எவ்வளவு பெரிய மாதிரியானாலும் ஊகம்தான்.

சொல்லே வேண்டாத ஒரு சூழல் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதோ அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதோ பெயரைக் கூப்பிட்டால், சாதனம் ஓசையைத் தாழ்த்திக்கொள்கிறது. கூப்பிட்டது காதில் விழுந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. பதில் அதிலேயே முடிந்துவிட்டது. அலாரத்தின்போது கூப்பிடுபவர் பெரும்பாலும் அதை நிறுத்தத்தான் கூப்பிடுகிறார். கூகுள் 2019-ல் தன் ஸ்பீக்கர்களில், அடிக்கும் அலாரத்தையும் டைமரையும் அழைப்புச் சொல் இல்லாமலே 'ஸ்டாப்' என்று சொல்லி நிறுத்த வழிசெய்தது. பெயர் சொல்லும் சடங்கையே எடுத்துவிட்ட அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் வெறும் பெயரைக் கேட்டதும் அலாரத்தை முழுக்க அணைத்துவிடக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்த ஒரு சொல்லால் ஒருவர் ரயிலைத் தவறவிட்டுவிடுவார்.

பதில் நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பயனர்களிடம் கேட்டால் தெரியாது, இவ்வளவு சிறிய நிகழ்வை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பதிலுக்கு அடுத்து என்ன நடந்தது என்று பதிவுகளில் பார்க்க வேண்டும். முழுமையான ஒரு வேண்டுகோள் வந்தால் பதில் தன் வேலையைச் செய்தது. மறுபடி பெயரே வந்தால் பதில் எட்டவில்லை. "போதும்", "நிறுத்து" என்று வந்தால் பதில் நீளம், அல்லது கூப்பிடாத இடத்தில் பேசியிருக்கிறது. எதுவுமே வராமல் போனால் பெரும்பாலும் அது தவறான எழுப்பல், மதிப்பெண் கோட்டை உயர்த்த வேண்டும்.

அந்தக் கடைசி முடிவில்தான் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எதுவும் வராமல் போன அழைப்புகளில், பேச முயன்று நேரம் போதாமல் விட்டுவிட்டவர்களும் கலந்திருப்பார்கள். திக்கிப் பேசுபவர், பக்கவாதத்துக்குப் பின் மெல்லப் பேசக் கற்றுக்கொள்பவர், பார்க்கின்சன் நோயால் குரல் தாழ்ந்தவர். பெயரைச் சொல்வதற்கே அவர்களுக்குப் பெருமுயற்சி ஆகிறது. அடுத்த சொல் வாயில் உருவாகும் நேரத்தில் "சொல்லுங்க" என்று குறுக்கே வந்தால் அது அவசரப்படுத்துவதாகும். விளக்கு அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு நொடி என்று நான் சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. ஆப்பிள் 2022-ல் ஐஓஎஸ் 16-ல், பேசி முடித்துவிட்டார் என்று சிரி முடிவுசெய்வதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மூன்று அளவில் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தந்தது. நல்ல வசதி. ஆனால் அது அணுகல்தன்மைப் பட்டியலுக்குள் புதைந்திருக்கிறது. குரலால் மட்டுமே ஒரு கருவியைப் பயன்படுத்தக்கூடியவர் அங்கே போய்த் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததும் அது வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கும் அதே நேரத்தில், "நீங்கள் பேசுவதற்கு நான் எவ்வளவு நேரம் காத்திருக்கட்டும்?" என்ற கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்.